வரியுடன் ஒரு லட்சத்து நாற்பத்து நாலாயிரம்

இப்போதுதான் போனை வைத்தேன். காது இன்னும் சூடாக இருக்கிறது. மறுமுனையில் யார் என்று சொல்லவே வேண்டாம், அதே ராமேஸ்வரம் லாட்ஜ்காரர்களின் சென்னை மேனேஜர்தான். போன வருஷம் அவருக்கு நான் அனுப்பிய மெயிலின் கதை தங்கச்சிமடம் டீக்கடை வரைக்கும் நாறிக்கிடப்பது உங்களுக்குத் தெரியும். தெரியாத ஒரே ஆள் என் மாமனார். அவருக்கு நீங்களும் சொல்லிவிடாதீர்கள்.

அவர்கள் லாட்ஜின் கடலைப் பார்த்த பால்கனிக்கு 64 அடி ஸ்டீல் கைப்பிடி போட என்னிடம் விலை கேட்டிருந்தார்கள். 316 கிரேடுதான் போடுவேன் என்று அடம்பிடித்தேன். இந்தக் கரையில் 304 போட்டால் ஓர் ஆடிக் காற்றிலேயே டீ சிந்தியது மாதிரி பழுப்புக் கறை வந்துவிடும். அடிக்கு 2,250 ரூபாய். பெருக்கினால் 1,44,000. அன்றைக்குக் கரண்ட் போய்ப் போய் வந்துகொண்டிருந்தது, வீட்டில் வேறு நண்டு உடைத்துக்கொண்டிருந்தார்கள். அவசரத்தில் ஒரே வரியாக அடித்து அனுப்பிவிட்டேன்:

"64 அடிக்கு வரியுடன் ரூ.1,44,000. 30 நாள் செல்லும். இதர செலவுகள் தனி."

நான் நினைத்தது, வரியையும் கூடச் சேர்த்து நீங்கள் தர வேண்டும் என்று. 18 சதவீதம் ஜிஎஸ்டி 25,920, ஆக 1,69,920. பில்லையும் அப்படியே போட்டேன். மேனேஜர் அந்த மெயிலையே எனக்குத் திருப்பி அனுப்பினார். "வரியுடன்" என்ற சொல்லுக்கு மட்டும் மஞ்சள் பூசியிருந்தார்.

நியாயம் கேட்க எதிர்வீட்டுத் தமிழ் வாத்தியாரிடம் போனேன். ரிட்டயராகிப் பல வருஷமானாலும் திண்ணையில் உட்கார்ந்தால் வகுப்பறைதான். கண்ணாடியை மாட்டி இரண்டு தரம் படித்தார். "மூன்றாம் வேற்றுமை தம்பி, உடனிகழ்ச்சிப் பொருள். ராமனுடன் லட்சுமணன் காட்டுக்குப் போனான்னா, லட்சுமணனைத் தனி பஸ்ஸுலயா அனுப்புனாங்க? வரி அந்தத் தொகைக்குள்ளயே உட்கார்ந்திருக்கு. நீ தோத்துட்ட" என்றார். ராமேஸ்வரம் லாட்ஜ் வழக்கில் ராமனே எனக்கு எதிராகச் சாட்சி சொன்னால் நான் என்ன செய்ய?

சரி, நஷ்டம் எவ்வளவு என்றாவது பார்ப்போம் என்று உட்கார்ந்தேன். 1,44,000-இல் 18 சதவீதத்தைக் கழித்து 25,920 போச்சு என்று தலையில் கை வைத்தேன். மச்சான் ஆடிட்டர் ஆபீசில் வேலை பார்க்கிறவன். "அத்தான், அப்படிக் கழிக்கக் கூடாது. வரி உள்ளே இருந்தா 1.18-ஆல வகுக்கணும்" என்றான். வகுத்தால் என் விலை 1,22,034, வரி 21,966. நஷ்டத்தில் நாலாயிரம் குறைந்த சந்தோஷத்தில் அவனுக்குப் பரோட்டா வாங்கிக் கொடுத்தேன். அதையும் நஷ்டக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இந்த "30 நாள்" இருக்கிறதே, அது தனிக் கூத்து. மெயில் போய் நாற்பத்தைந்தாம் நாள் ஆர்டர் வந்தது. அதற்குள் ஸ்டீல் விலை ஏறிவிட்டது. கேட்டால், "நான் லீவுல இருந்தேன் சார், மெயிலைத் திறந்ததே போன வாரம்தான், அதுலேர்ந்து 30 நாள் இருக்கே" என்கிறார். எந்தத் தேதியிலிருந்து என்று நான் எழுதவில்லை. நம் ஊரில் மீன்பிடித் தடைக்காலம் 61 நாள் என்று விரல் விட்டு எண்ணுகிறவன் எவனாவது உண்டா? ஜூன் 14 ராத்திரி முடியுது, அவ்வளவுதான். படகுக்காரர் ஒருவர்கூட "நான் நோட்டீஸைப் படிச்ச நாள்லேர்ந்து 61" என்று வாதாடியதில்லை. தேதி போட்டால் வாய் அடைபடும் என்பது கரையில் எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. கரையிலேயே பிறந்த எனக்கு மட்டும் தெரியவில்லை.

"இதர செலவுகள் தனி" பற்றி என்னைப் பேசவிடாதீர்கள். பழைய இரும்புக் கைப்பிடி துருப்பிடித்து பால்கனியோடு பால்கனியாக ஒட்டிப்போயிருந்தது. அதை அறுத்தெடுக்க இரண்டு ஆள், இரண்டு நாள். அது "இதர"தானே என்றேன். "பழசை எடுக்காம புதுசை எங்க சார் மாட்டுவீங்க? அது வேலையோட சேர்ந்ததுதானே" என்றார் அவர். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்ததுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

அதே லாட்ஜ் இந்த ஆகஸ்டில் பின்பக்கம் 40 அடிக்கு மறுபடி விலை கேட்டது. இம்முறை நண்டு இல்லாத நாளாகப் பார்த்து உட்கார்ந்தேன். வாத்தியார் ஒரு பக்கம், மச்சான் ஒரு பக்கம். மூன்று மணி நேரம் ஆனது:

"கொட்டேஷன் எண் 27, திருத்தம் 1. இதற்கு முன் அனுப்பிய விலைகள் செல்லாது.
கைப்பிடி 40 அடி × ரூ.2,400 = ரூ.96,000
ஜிஎஸ்டி 18% = ரூ.17,280
நீங்கள் செலுத்த வேண்டிய மொத்தம் = ரூ.1,13,280
ஜிஎஸ்டி விகிதத்தை அரசு மாற்றினால் வரித் தொகை மட்டும் அதன்படி மாறும்.
இந்த விலை ஆகஸ்ட் 31 மாலை 5 மணி வரை. அதற்குள் ஆர்டர் மெயிலும் 50% முன்பணமும் எங்களுக்கு வந்து சேர வேண்டும்.
விலையில் சேர்ந்தவை: பொருள், வண்டி வாடகை, பொருத்துதல், பாலிஷ்.
சேராதவை: பழைய கைப்பிடியை அறுத்து அகற்றுதல், சாரம், வெல்டிங் மின்சாரம், உடையும் டைல்ஸ். இவை உங்கள் ஏற்பாடு. சாரத்தை நாங்களே கட்டினால் வரி உட்பட ரூ.10,620."

திருத்தம் 1 ஏன் என்றால், முதலில் அனுப்பியதில் "சாரம் ரூ.9,000" என்று மட்டும் போட்டுவிட்டேன். வரி சேர்த்தா, சேர்க்காமலா என்று மச்சான் கேட்டபோதுதான் உறைத்தது. மேலே அத்தனை ஒழுங்காக எழுதிவிட்டுக் கடைசி வரியில் பழைய பள்ளத்திலேயே மறுபடி விழ இருந்தேன். வாத்தியார் "உட்பட" என்ற சொல்லைத் தானே தேர்ந்தெடுத்துக் கொடுத்தார். "உடன்" பக்கம் இனி ஆயுசுக்கும் போகாதே என்று எச்சரித்தும் வைத்தார்.

ஆகஸ்ட் 31 வந்தது. காலையிலிருந்து போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். நாலு மணிக்கு நம்பிக்கை விட்டுப்போய் மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தேன். 4.52-க்கு முன்பணம் விழுந்தது, 4.55-க்கு ஆர்டர் மெயில். எட்டு நிமிஷம் மிச்சம் வைத்து வந்த பணத்தை என் வாழ்க்கையில் முதல் தடவையாகப் பார்த்தேன். வீட்டம்மா ஒரு வறுத்த மீன் துண்டு கூடுதலாக வைத்தாள்.

இன்றைக்கு வேலை ஆரம்பம். பையன்கள் சாமானோடு போய் இறங்கிவிட்டார்கள். சற்றுமுன் வந்த போன்தான் முதலில் சொன்னது.

"சார், சாரம் எங்க ஏற்பாடுன்னு போட்டிருக்கீங்க, சரி, கட்டிட்டோம். மேல ஏற உங்க ஆளுங்க ஏணி கேக்கறாங்க. ஏணி சாரத்துல சேருமா, பொருத்துதல்ல சேருமா?"

வாத்தியார் மதியம் தூங்கும் நேரம். நாலரைக்குத்தான் எழுந்திருப்பார். திண்ணையில் உட்கார்ந்திருக்கிறேன்.