304-ஆம் அறை

ராத்திரி பதினொரு மணிக்கு நாகர்கோவில் ஆபீசில் உட்கார்ந்து, எங்கள் புக்கிங் சாஃப்ட்வேரைச் சோதிக்க, கன்னியாகுமரி லாட்ஜ் ஒன்றின் சூரிய உதயம் தெரியும் 304-ஆம் அறையை 50 பொய்ப் பெயர்களில் ஒரே நொடியில் புக் செய்ய விட்டேன்.

மூன்று பேருக்கு 'உறுதி' என்று வந்தது!

ஒவ்வொன்றாகச் சோதித்தபோது ஒரு தப்பும் இல்லை. அறை காலியா என்று பார்ப்பதும் பதிவை எழுதுவதும் தனித்தனி வேலை. இடையில் உள்ள சில மில்லிநொடியில் மூன்று பேரும் 'காலி' என்றே பார்த்திருக்கிறார்கள்.

ஒரே அறை, ஒரே தேதி இரண்டாம் முறை ஏறக்கூடாது என்று டேட்டாபேஸிலேயே கட்டுப்பாடு போட்டோம். மறுபடி ஓட்டினால் ஒருவருக்கு அறை, 49 பேருக்கு 'இல்லை'.

சரி, கிளம்பலாம் என்று பையை எடுத்தேன். அந்த 49 பேரில் ஆறு பேரிடம் பணம் பிடித்திருந்தது. டம்மிப் பணம்தான். பையைக் கீழே வைத்தேன்.