சாளரமில்லாத வீடும் ஒரு மெஷ் பழுதும்

நண்பர் ஒருவர் தாம் கட்டவிருக்கும் வீட்டின் மாதிரியை 1:100 அளவில் முப்பரிமாண அச்சில் எடுத்துத் தரும்படி கேட்டு, ஒரு எஸ்டிஎல் கோப்பை அனுப்பினார். கட்டட வரைகலை மென்பொருளில் உருவான கோப்பு அது. திரையில் குறையொன்றும் தெரியவில்லை. ஆனால் மாதிரியை அச்சுக்கான அடுக்குகளாக வெட்டும் ஸ்லைசரின் முன்னோட்டத்தில் ஒருபுறச் சுவர் மறைந்திருந்தது. மாடிப்படி அறைக்குள் தேவையில்லாத ஒரு தளம் முளைத்திருந்தது. ஸ்லைசரிலேயே இருந்த தானியங்கிப் பழுதுநீக்கியை ஓட்டியபோது, அது முன்பக்கச் சாளரங்களையும் ஓட்டைகள் என்று எண்ணி அடைத்துவிட்டது.

ஆகவே பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் கோப்பைத் திறந்து Face Orientation காட்சியை இயக்கினேன். வெளிப்பக்கம் நீலமாகவும் உட்பக்கம் சிவப்பாகவும் தெரியும் அந்தக் காட்சியில் மறைந்த சுவர் முழுதும் சிவப்பாக இருந்தது, அதாவது முகங்கள் எப்பக்கம் பார்க்கின்றன என்று சொல்லும் அதன் நார்மல்கள் உள்நோக்கித் திரும்பியிருந்தன. உடனே அனைத்தையும் தேர்ந்தெடுத்து, நார்மல்களை வெளிநோக்கித் திருப்பும் Shift+N கொடுத்ததுதான் என் தவறு: சுவர் சரியானது, மாடிப்படி அறை சிவப்பாகிவிட்டது. அந்த அறை மொட்டைமாடியைத் தொடும் விளிம்பில் மாடித்தளம், அறைச்சுவர், அறைக்குள் மறைந்த தளம் என மூன்று முகங்கள் கூடியிருந்தன. ஒரு விளிம்பில் இரண்டே முகங்கள் இருந்தால்தான் எது உள், எது வெளி என்று மென்பொருளால் உறுதியாகச் சொல்ல முடியும். எனவே நார்மலைக் கடைசிக்குத் தள்ளிவிட்டு முதலிலிருந்து தொடங்கினேன்.

முதலில் Merge by Distance. ஒரே இடத்தில் இரட்டையாகக் கிடக்கும் முனைகளை அது ஒன்றாக்கும். அவசரத்தில் இடைவெளியை 1 மி.மீ. என்று கொடுத்ததில், 0.8 மி.மீ. கனமுள்ள சாளரக் கம்பிகள் நசுங்கித் தகடாயின, பின்வாங்கி 0.01 என்று வைத்தபோது கம்பிகளுக்குச் சேதமில்லை. அடுத்து, விளிம்புத் தேர்வு முறையில் Select All by Trait பட்டியலிலுள்ள Non Manifold, குற்றமுள்ள விளிம்புகளை மட்டும் ஒளிரச் செய்தது. மாடிப்படி அறைக்குள் மறைந்த தளத்தை நீக்கினேன். அத்துடன் அங்கிருந்த ஒளிர்வும் மறைந்தது.

மீதமிருந்தவற்றில் கைப்பிடிச் சுவரின் அடியில் இருந்த நீள்சதுர ஓட்டை எளிது: சுற்று விளிம்பை Alt சொடுக்கில் பிடித்து F அழுத்தினால் போதும். சன்ஷேடுதான் வேறு சங்கதி. அது கனமே இல்லாத ஒற்றைத் தாள், அதன் எல்லா ஓரமும் திறந்த விளிம்பு, எனவே அடைக்க அதில் ஓட்டையே இல்லை. அதைத் தனியாகப் பிரித்து, Solidify மூலம் 1.2 மி.மீ. கனம் கொடுத்தேன். பிறகு சன்ஷேடைச் சுவருக்குள் சற்றே நுழையும்படி நகர்த்தி வைத்தேன்.

இப்போது Shift+N கொடுத்தபோது வீடு முழுதும் நீலமானது. 3D Print Toolbox சோதனையிலும் Non Manifold Edges என்ற வரியில் பூச்சியம். ஆயினும் அந்த எண்ணை மட்டும் நம்பாமல், புதிய கோப்பை ஸ்லைசரில் ஏற்றி அடுக்கடுக்காக மேலேறிப் பார்த்தேன்: சாளரங்கள் திறந்தே இருந்தன, படி அறைக்குள் தளம் இல்லை, சன்ஷேடின் அடியில் மட்டும் தாங்கு அமைப்பைச் சேர்க்க வேண்டியிருந்தது.