மூன்றாம் தேதி மாலை ஐந்து மணி

கோயம்புத்தூரில் பைப், மோட்டார் விற்கும் ஒரு நிறுவனத்தின் தலைமை அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் இருந்தேன். பதினான்கு கிளைகள். மாதக் கணக்கை ஐந்தாம் தேதிக்குள் முடித்து எம்.டி. மேசையில் வைக்க வேண்டும் என்று உத்தரவு வந்தபோது, கிளை மேலாளர்களுக்கு சர்க்குலர் எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. பழைய சர்க்குலர் ஒன்றை எடுத்து தேதியை மட்டும் மாற்றி அனுப்பினேன். அதில் இருந்தது மொத்தமே ஒரு வரிதான்: "மாதக் கடைசித் தேதிக்குள் அந்த மாதத்தின் அனைத்து என்ட்ரிகளும் தவறாமல் போடப்பட வேண்டும்."

அடுத்த நாள் மதுரை மேலாளர் போன் செய்தார். என்னைவிட இருபது வயது மூத்தவர், தம்பி என்றுதான் கூப்பிடுவார். "தம்பி, லாரிக்காரன் பில் கொடுக்கிறதே பத்தாம் தேதி. முப்பதாம் தேதி நான் எதைப் பாத்து என்ட்ரி போடுறது?"

"பில் வந்ததும் போட்டுடுங்க சார்" என்று சொல்லி வைத்துவிட்டேன். அந்தப் பதிலின் விலை மே மாதக் கணக்கில் தெரிந்தது.

எங்கள் தொழிலில் வெயில் காலம்தான் சீசன். போர் போடுகிறவர்கள், தோட்டத்துக்கு லைன் இழுப்பவர்கள் எல்லாம் அப்போதுதான் வருவார்கள். மதுரையில் மார்ச்சில் 40 லட்சம், ஏப்ரலில் 58 லட்சம் விற்பனை. மே மாதம் கோடை மழை பிடித்துக்கொண்டதில் 34 லட்சத்துக்கு இறங்கிவிட்டது. லாரி வாடகை விற்பனையில் சுமார் இரண்டு சதவீதம் வரும், அதாவது மார்ச்சுக்கு 80,000, ஏப்ரலுக்கு 1,16,000, மே மாதத்துக்கு 68,000. ஆனால் பில் வந்த மாதத்தில் செலவு எழுதினதால் ஏப்ரல் கணக்கில் ஏறியது மார்ச்சின் 80,000, மே கணக்கில் ஏறியது ஏப்ரலின் 1,16,000. அதாவது ஏப்ரல் லாபம் 36,000 கூடுதலாகவும் மே லாபம் 48,000 குறைவாகவும் தெரிந்தது. விற்பனை எல்லா மாதமும் ஒரே அளவில் இருந்தவரை இந்த ஒரு மாதத் தள்ளாட்டம் யார் கண்ணிலும் படவில்லை, ஏனென்றால் போன மாதச் செலவும் இந்த மாதச் செலவும் ஏறக்குறைய ஒன்றுதான். விற்பனை ஏறி இறங்கிய மாதத்தில்தான் வெளியே வந்தது. லாரி வாடகை 3.4 சதவீதம் எப்படி வந்தது என்று கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் மதுரைக்காரரைக் கேட்டார்கள். அவர் என்னைப் பார்த்தார். நான் ஃபைலைப் பார்த்தேன்.

அன்றைக்கு ராத்திரி அந்த ஒற்றை வரியை மறுபடி படித்தேன். ஒரு லாரி வாடகைக்கு மூன்று தேதி இருக்கிறது: லாரி ஓடின தேதி, பில்லில் இருக்கிற தேதி, பில் நம் கைக்கு வருகிற தேதி. போதாததற்கு டேலி கணக்கு மென்பொருளில் வவுச்சருக்கு ஒரு தேதி, அதை உட்கார்ந்து தட்டுகிற நாள் இன்னொன்று. சர்க்குலரில் "தேதிக்குள்" என்று சொன்னது இதில் எந்தத் தேதியை? எழுதின எனக்கே தெரியாது. கிளைக்காரர்கள் ஆளுக்கு ஒன்றாக எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

சரி, விவரமாக எழுதலாம் என்று ஆரம்பித்தேன். புதிய சர்க்குலரின் அடிப்படை இதுதான்: வேலை எந்த மாதம் நடந்ததோ அந்த மாதத்துச் செலவு. பில் வந்திருந்தால் மூன்றாம் தேதி மாலை ஐந்து மணிக்குள் முந்தின மாதக் கடைசித் தேதியிட்டு என்ட்ரி. வரவில்லை என்றால் என்ட்ரி போட வேண்டாம், அதே ஐந்து மணிக்குள் ஒரு பட்டியல் அனுப்பினால் போதும். யாருக்குத் தர வேண்டும், எந்த வேலைக்கு, தோராயமாக எவ்வளவு, அந்தத் தொகை எங்கிருந்து வந்தது என்று நான்கு கட்டம். அந்தப் பட்டியலை வைத்து தலைமை அலுவலகத்தில் நாங்கள் புரொவிஷன் போடுவோம், அதாவது பில் வராத செலவைத் தோராயத் தொகையில் அந்த மாதமே எழுதிவைப்போம்.

நான்காவது கட்டம் எதற்கு என்று பலர் கேட்டார்கள். தோராயம் என்றால் வாய்க்கு வந்ததை எழுதுவார்கள் என்பதால்தான். லாரிக்கு ட்ரிப் ரிஜிஸ்டர் இருக்கிறது. மே மாதம் மதுரையில் 17 ட்ரிப், ட்ரிப்புக்கு 4,000 பேசியிருக்கிறோம் என்றால் 68,000 தானாக வந்துவிடும். பில் இல்லாவிட்டாலும் கணக்கு இருக்கிறது. கரண்ட் பில் தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை, அதனால் பில் வராத மாதத்தில் போன பில்லில் பாதியை எழுத வேண்டும். இதைச் சொன்னபோதுதான் பாதிக் கிளைகளில் ஒரு மாதம் கரண்ட் செலவே இல்லாமலும் அடுத்த மாதம் இரட்டிப்பாகவும் ஓடிக்கொண்டிருந்ததைக் கவனித்தோம். அத்தனை வருஷம் யாரும் கேட்கவில்லை.

புரொவிஷனில் ஒரு குழி இருக்கிறது, அதில் நாங்களே விழுந்தோம். மே 31 தேதியிட்டு 68,000 புரொவிஷன் போட்டால், ஜூன் 1 அன்று எதிர் என்ட்ரி போட்டு அதை அப்படியே ரிவர்ஸ் செய்ய வேண்டும். பிறகு லாரிக்காரர் பில் கொடுக்கிறார், லோடு இறக்கத் தாமதமானதற்கு ஹால்டிங் சேர்த்து 69,500. அது ஜூனில் ஏறும். ரிவர்ஸ் ஆன 68,000 கழிந்து ஜூனில் நிற்பது 1,500 மட்டும். இந்தச் சின்ன வித்தியாசம் தப்பில்லை, தோராயம் என்றால் இவ்வளவு இருக்கத்தான் செய்யும். ஆனால் ரிவர்ஸ் செய்ய மறந்தால் மே மாதம் 68,000, ஜூனில் 69,500 என ஒரே லாரி இரண்டு தடவை ஓடிவிடும். ஒரு கிளையில் அதைவிடப் பெரிய வேடிக்கை: பத்தாம் தேதி வந்த பில்லைப் பொறுப்பாக மே 31 தேதி போட்டே ஏற்றிவிட்டார்கள், நாங்கள் புரொவிஷன் போட்டது தெரியாமல். மே ஒரே மாதத்தில் இரண்டும் சேர்ந்து நின்றது. ரிவர்ஸ் செய்ய மறந்ததைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி உண்டு. மாதக் கடைசியில் புரொவிஷன் லெட்ஜரைத் திறந்தால் அந்த மாதத்துத் தொகைகள் மட்டும் இருக்க வேண்டும். போன மாதத் தொகை ஒன்று அங்கேயே உட்கார்ந்திருந்தால் எங்கோ இரட்டிப்பு நடந்திருக்கிறது.

அதற்கப்புறம் ஐந்தாம் தேதி காலையில் முந்தின மாதத்தைப் பூட்டிவிடுவோம் என்று சர்க்குலரில் சேர்த்தேன். டேலியில் கிளைப் பயனர்களுக்கு எந்தத் தேதிக்கு முன்னால் வவுச்சர் போட முடியாது என்று வைக்கும் வசதி இருக்கிறது. பூட்டினதற்கு முதல் மாதம் எனக்குக் கிடைத்த வசவு கொஞ்சநஞ்சமில்லை. "எங்க கிளைக் கணக்கை எங்களையே தொடவிடாம பண்ணிட்டீங்களே" என்று சேலத்துக்காரர் சத்தம் போட்டார். அவருக்கு ஒரு பழைய சம்பவத்தைத்தான் சொல்ல வேண்டியிருந்தது. முன்பு ஒரு கிளையில் ஆகஸ்ட் கட்டட வாடகை 40,000-ஐ செப்டம்பர் 12 அன்று ஞாபகம் வந்து, ஆகஸ்ட் 31 தேதி போட்டு ஏற்றினார்கள். வாடகையில் வருமான வரிக்காகப் பிடிக்க வேண்டிய டிடிஎஸ் பத்து சதவீதம், 4,000. ஆகஸ்டில் பிடித்ததாகக் கணக்குச் சொன்னால் செப்டம்பர் 7-க்குள் கட்டியிருக்க வேண்டும். அந்தத் தேதி போய் ஐந்து நாளாகிவிட்டது. வட்டி மாதத்துக்கு ஒன்றரை சதவீதம், அதிலும் மாதத்தின் ஒரு பகுதியை முழு மாதமாக எடுத்துக்கொள்வார்கள். ஆகஸ்டின் ஒரே ஒரு நாளுக்கு ஒரு மாதம், செப்டம்பருக்கு ஒரு மாதம், ஆக இரண்டு மாத வட்டி 120 ரூபாய். தொகை ஒரு சாப்பாட்டுக்குத்தான் ஆகும், ஆனால் அதற்குச் செலான், விளக்கக் கடிதம், ஆடிட்டரின் குறிப்பு என்று மூன்று பேருக்கு ஒரு நாள் போனது. அதனால் வாடகை, கான்ட்ராக்ட் மாதிரி டிடிஎஸ் பிடிக்க வேண்டியவற்றுக்குப் பட்டியல் எல்லாம் கிடையாது. பில் வந்தாலும் வராவிட்டாலும் 30-ஆம் தேதியே போனில் சொல்லிவிட வேண்டும் என்று தனியாக ஒரு வரி போட்டோம்.

(2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிகள் வைத்திருக்கும் கணக்கு மென்பொருளில் யார், எப்போது, எதை மாற்றினார்கள் என்ற பதிவு இருந்தே ஆக வேண்டும். வவுச்சரில் எந்தத் தேதியைப் போட்டாலும் தட்டின நாள் தெரிந்துவிடும். இது முன்பே வந்திருந்தால் நான் இத்தனை சர்க்குலர் எழுதியிருக்க மாட்டேன்.)

செலவுப் பக்கம் ஒருவழியாகச் சரியானது. வரவுப் பக்கம் கதை தலைகீழ். செலவைத் தள்ளிப் போடுகிற அதே கிளை விற்பனையை மட்டும் முன்கூட்டியே எழுதிவிடும். டார்கெட் இருக்கிறதே. 31-ஆம் தேதி ராத்திரி எட்டு மணிக்கு மேல் வரிசையாகப் பில் விழும், சரக்கு குடோனிலேயே கிடக்கும். அடுத்த மாதம் நான்காம் தேதி வாக்கில் அதில் சில பில்லை ரத்து செய்யக் கிரெடிட் நோட் வரும், "பார்ட்டி வேண்டாம் என்றுவிட்டார்" என்ற காரணத்தோடு. எனக்கு முதலில் பிடிபட்டதே அந்தக் கிரெடிட் நோட்டுகளால்தான். மாதத்தின் முதல் வாரத்துக் கிரெடிட் நோட்டுகளை எடுத்து, மூலப் பில் எந்தத் தேதி என்று பார்த்தேன். பெரும்பாலானவை 30, 31.

இதற்கு சர்க்குலரில் எழுதினது: 31-ஆம் தேதி பில்லோடு சரக்கும் வாசலைத் தாண்டியிருந்தால்தான் அது இந்த மாத விற்பனை. அத்தாட்சி, சரக்கை வண்டியில் அனுப்ப எடுக்கும் ஈ-வே பில்லா என்றால் எல்லாவற்றுக்கும் அது இருக்காது, தமிழ்நாட்டுக்குள் ஒரு லட்சம் வரை அது தேவையில்லை. எங்கள் பில்களில் பெரும்பாலானவை அதற்குக் கீழே. அதனால் வாட்ச்மேனின் கேட் ரிஜிஸ்டரின் கடைசிப் பக்கத்தை 31 இரவு கடை சாத்தும்போது போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னோம். அழகான ஏற்பாடு ஒன்றுமில்லை, வாட்ச்மேன் கையெழுத்து கோழி கிளறினது மாதிரி இருக்கும், ஆனாலும் அந்தப் பக்கத்தில் இல்லாத லாரி எப்படிப் போயிருக்கும் என்று கேட்க முடிந்தது. இதிலும் ஓட்டை உண்டு. வெளியே போய் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் திரும்பி வந்த லாரியை ரிஜிஸ்டர் காட்டாது. ஒரு கிளையில் அதுவும் நடந்தது.

சர்க்குலர் போகிற நாளையும் மாற்றினேன். முன்பு 28-ஆம் தேதி போகும், அன்றைக்குக் கிளைக்காரர் வசூலுக்கு அலைந்துகொண்டிருப்பார். இப்போது 20-ஆம் தேதி. மூன்றாம் தேதி ஞாயிறாக இருந்தால் சனிக்கிழமை என்று கிழமையோடு எழுதினேன், இல்லாவிட்டால் எல்லோரும் திங்கள் என்றே எடுத்துக்கொள்வார்கள். "தவறாமல்", "கண்டிப்பாக" இரண்டையும் எடுத்துவிட்டேன். அதற்குப் பதில் பட்டியல் வராவிட்டால் போன மாதத் தொகையையே நாங்கள் எழுதிவிடுவோம் என்று போட்டேன். செலவு குறைந்த மாதத்தில் போன மாதத் தொகை ஏறினால் லாபம் யாருக்கு அடிபடும்? பட்டியல் வர ஆரம்பித்தது.

மதுரைக்காரரின் பட்டியல் மட்டும் கடைசிவரை எக்செல்லில் வரவில்லை. பழைய டைரித் தாளில் பேனாவால் எழுதி, வாட்ஸ்அப்பில் போட்டோவாக, இரண்டாம் தேதி சாயங்காலமே வந்துவிடும். ட்ரிப் எண்ணிக்கை, ஹால்டிங் எத்தனை நாள் என்பது வரை இருக்கும். ஒரு மாதம் கடைசி வரியாக இப்படி எழுதியிருந்தார்: "கரண்ட் பில் இந்த மாதம் வராது. பாதி 4,150 எழுதிக்கொள்ளவும். கூட்டத்தில் என்னைக் கேட்கக் கூடாது."

எழுதிக்கொண்டேன்.