புராடக்ட் மேனேஜ்மென்ட் கேஸ் கேள்வி: விற்பனைக் குழு ஒன்று கேட்க, வாடிக்கையாளர் வேறொன்று கேட்டால்

புராடக்ட் மேனேஜர் தேர்விலும் நேர்காணலிலும் அடிக்கடி வரும் கேள்வி இது. ஊழியர் வருகைப்பதிவு மென்பொருள் ஒன்று. எக்செல் ஏற்றுமதி வேண்டுமென்று சப்போர்ட்டுக்கு ஒரு காலாண்டில் 90 டிக்கெட்டுகள் வந்திருக்கின்றன. ஒரே உள்நுழைவில் பல மென்பொருள்களையும் திறக்கும் சிங்கிள் சைன்-ஆன் வசதி இல்லாததால் 5 டீல்கள் நிற்கின்றன என்கிறது விற்பனைக் குழு. எதை முதலில் செய்வீர்கள்?

எந்த வேலையை முதலில் எடுப்பது என்று வரிசைப்படுத்தும் ரைஸ் மதிப்பெண்ணைப் போட பலர் உடனே இறங்கிவிடுகிறார்கள். அதற்கு முன்னால் இரண்டு எண்களையும் சலிக்க வேண்டும். 90 என்பது டிக்கெட் கணக்கு. நிறுவனவாரியாகப் பிரித்தால் 30 நிறுவனங்கள்தான் என்று வைத்துக்கொள்வோம். அவர்களிடம் "ஏற்றுமதி செய்த கோப்பை என்ன செய்வீர்கள்?" என்று கேட்க வேண்டும். 24 நிறுவனங்கள் மாதக் கடைசியில் மேலாளருக்கு அனுப்பத்தான் என்றால், தேவை ஏற்றுமதி அல்ல, தானாகப் போகும் மாத அறிக்கை மின்னஞ்சல். அது ஒருவர் ஒரு மாதத்தில் முடிக்கக்கூடிய வேலையாக இருக்கலாம்.

விற்பனைக் குழுவிடம் ஒவ்வொரு டீலுக்கும் மூன்று விவரம் கேளுங்கள்: எந்தக் கட்டத்தில் இருக்கிறது, ஆண்டு மதிப்பு எவ்வளவு, இதைக் கேட்டது யார். வாங்கும் நிறுவனத்தின் பாதுகாப்புக் குழு ஒப்பந்த நிபந்தனையாக எழுதியிருந்தால் அது உறுதியான தேவை. முதல் சந்திப்பில் "இது இருக்கிறதா?" என்று கேட்டது மட்டுமென்றால், அதைத் தடையாக எண்ணக் கூடாது. இப்படிப் பார்த்ததில் 5-இல் 2 தேறுகின்றன என்போம்.

இப்போது ரைஸ்: சென்றடையும் எண்ணிக்கை × தாக்கம் × நம்பகம் ÷ உழைப்பு. தாக்கத்துக்கு வழக்கமான அளவு 0.25 முதல் 3 வரை. உழைப்பை ஆள்-மாதத்தில் போடுங்கள். மின்னஞ்சல் அறிக்கை: 24 × 1 × 80% ÷ 1 = 19.2. சைன்-ஆன்: 2 × 3 × 100% ÷ 3 = 2. இரண்டிலும் அலகு நிறுவனம்தான். ஒன்றில் பயனர்களையும் மற்றொன்றில் நிறுவனங்களையும் எண்ணினால் விடை முழுவதும் தவறாகிவிடும். தேர்வில் பலர் மதிப்பெண் இழப்பது இங்கேதான்.

19.2 பெரியது என்று எழுதி நிறுத்திவிடாதீர்கள். ரைஸ் சூத்திரத்தில் பணம் இல்லை. எல்லா நிறுவனமும் அதற்கு ஒன்றுதான். அந்த 2 டீல்களும் சேர்ந்து இந்த ஆண்டின் புதிய விற்பனை இலக்கில் கால் பங்கு என்றால், அதைத் தனி வரியாகக் காட்டியே தீர வேண்டும். ஒப்பந்தத் தேதி ஐந்து மாதம் தள்ளி இருந்தால் அறிக்கையை ஒரு மாதத்தில் முடித்துவிட்டு சைன்-ஆனைத் தொடங்கலாம். மூன்று மாதம்தான் இருக்கிறது என்றால் சைன்-ஆனே முதலில்.

கடைசியாக, விற்பனைக் குழுவுக்கு என்ன பதில் சொல்வீர்கள் என்பதையும் எழுதுங்கள்: தொடங்கும் தேதி, முடியும் தேதி, மற்ற 3 டீல்கள் எந்தக் கட்டத்துக்கு வந்தால் கணக்கை மறுபடி போடுவீர்கள் என்பது.