கம்பிக்கு இரட்டை, மூடிய குழாய்க்கு ஒற்றை: நிலை அலைக் கணக்குகளைப் போடும் வழி

பிளஸ் ஒன் இயற்பியலில் அலைகள் பாடத்துக்கு வந்ததும் பிள்ளைகள் ஒரு அட்டவணை போட்டு வைத்துக்கொள்வார்கள். கம்பிக்கு மூன்று சூத்திரம், திறந்த குழாய்க்கு மூன்று, மூடிய குழாய்க்கு மூன்று. தேர்வு அறையில் எது எதற்கு என்பது கலங்கிவிடும். மாலையில் டியூஷனுக்கு வரும் பிள்ளைகளிடம் நான் அந்த அட்டவணையை மூடி வைக்கச் சொல்லிவிட்டு, ஒரு படம் மட்டும் போடச் சொல்வேன்.

நிலை அலையில் அசையாமல் நிற்கும் இடம் கணு. அதிகமாக அசையும் இடம் எதிர்க்கணு. ஒரு கணுவுக்கும் அதை அடுத்த எதிர்க்கணுவுக்கும் நடுவே உள்ள தூரம் எப்போதும் λ/4, அதாவது கால் அலை. இது கம்பியானாலும் குழாயானாலும் மாறாது. ஆகவே ஒரு முனையில் தொடங்கி கணு, எதிர்க்கணு, கணு, எதிர்க்கணு என்று மறுமுனை வரை எழுதுங்கள். நடுவில் எத்தனை இடைவெளி விழுகிறதோ அத்தனை கால் அலைகள் அந்த நீளத்துக்குள் இருக்கின்றன.

இரண்டு முனையும் கட்டப்பட்ட கம்பியில் முனைகள் அசைய முடியாது. இரண்டும் கணு. கணுவில் தொடங்கிக் கணுவில் முடிய வேண்டுமென்றால் இடைவெளிகளின் எண்ணிக்கை இரட்டைப்படையாகத்தான் வரும்: 2, 4, 6. மூடிய குழாயில் அடைத்த முனையில் காற்று முன்னும் பின்னும் நகர வழியில்லை, அது கணு. திறந்த வாயில் தாராளமாக நகரும், அது எதிர்க்கணு. கணுவில் தொடங்கி எதிர்க்கணுவில் முடிந்தால் இடைவெளி ஒற்றைப்படை: 1, 3, 5. மூடிய குழாயில் இரட்டைச் சீரிசைகள் ஏன் இல்லை என்ற கேள்விக்கு இதுதான் முழு விடை. இரண்டு கால் அலைகளை அதற்குள் பொருத்தப் பார்த்தால் திறந்த வாயில் கணு வந்து உட்கார்ந்துவிடும். அங்கே அது நிற்காது.

இங்கிருந்து அலைநீளம் தானே வரும். கம்பியில் L என்பது 2 கால் அலை என்றால் λ = 2L. 4 என்றால் λ = L. 6 என்றால் λ = 2L/3. மூடிய குழாயில் L என்பது 1 கால் அலை என்றால் λ = 4L, 3 என்றால் λ = 4L/3, 5 என்றால் λ = 4L/5. அதிர்வெண் வேண்டுமா, அலையின் வேகத்தை இந்த λ-வால் வகுத்துக்கொள்ளுங்கள். கம்பியில் அதிர்வெண்கள் 1 : 2 : 3 என்றும், மூடிய குழாயில் 1 : 3 : 5 என்றும் போகும்.

புத்தகத்தில் குழாய்க்குள் வளைந்து வளைந்து போகும் அந்தக் கோட்டைப் பார்த்து, காற்று மேலும் கீழும் ஆடுகிறது என்று நினைத்துவிடக் கூடாது. காற்று குழாயின் நீளத்தோடுதான் நகர்கிறது. எவ்வளவு நகர்கிறது என்பதை வரைபடம்போலக் காட்டுவதே அந்தக் கோடு. கேள்வியில் அழுத்தம் என்ற சொல் வந்தால் மட்டும் எல்லாம் தலைகீழ்: இடப்பெயர்ச்சிக் கணு இருக்கும் அடைத்த முனையில் அழுத்தத்தின் ஏற்ற இறக்கம் அதிகம், திறந்த வாயில் கிட்டத்தட்ட இல்லை. கால் அலைகளின் எண்ணிக்கை அப்போதும் மாறாது.

இப்போது இரண்டு பழைய மருத்துவ நுழைவுத் தேர்வுக் கேள்விகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2015-இல் கேட்டது இது: 75 செ.மீ. இடைவெளியில் இழுத்துக் கட்டிய கம்பிக்கு 315 Hz, 420 Hz ஆகியவை ஒத்ததிர்வு அதிர்வெண்கள். நடுவில் வேறெதுவும் இல்லை. மிகக் குறைந்த ஒத்ததிர்வு அதிர்வெண் எவ்வளவு? 2017 நீட்டில் கேட்டது: ஒரு முனை மூடிய குழாயில் அடுத்தடுத்த இரண்டு சீரிசைகள் 220 Hz, 260 Hz, அடிப்படை அதிர்வெண் எவ்வளவு?

முதல் கேள்வியில் கம்பியின் சீரிசைகள் ஒவ்வொன்றாக ஏறுகின்றன. அடுத்தடுத்த இரண்டுக்கு உள்ள வித்தியாசமே அடிப்படை அதிர்வெண். 420 − 315 = 105 Hz. சரிபார்க்க 315-ஐ 105-ஆல் வகுத்தால் 3, 420-ஐ வகுத்தால் 4. மூன்றாவதும் நான்காவதும் சீரிசைகள். படம் போட்டால் 315 Hz-இல் கம்பிக்குள் 6 கால் அலைகள், எனவே λ = 2 × 75 / 3 = 50 செ.மீ. கம்பியில் அலையின் வேகம் 315 × 0.50 = 157.5 மீ/வி.

இரண்டாவது கேள்வியில் அதே பழக்கத்தில் 260 − 220 = 40 என்று எழுதிவிட்டு, விருப்பங்களில் 40 இருக்கிறதா என்று தேடுகிறவர்கள் நிறைய. மூடிய குழாயில் ஒற்றைப்படைச் சீரிசைகள் மட்டுமே வருவதால் ஒன்றிலிருந்து அடுத்ததற்குத் தாண்டும்போது அடிப்படை அதிர்வெண்ணின் இரண்டு மடங்கு கூடுகிறது. 40 என்பது அந்த இரண்டு மடங்கு. விடை 20 Hz. சந்தேகம் வந்தால் வகுத்துப் பாருங்கள்: 220-ஐ 40-ஆல் வகுத்தால் 5.5. முழு எண் வராத இடத்தில் சீரிசைக்கு வேலையில்லை. 20-ஆல் வகுத்தால் 11, 13. இரண்டும் ஒற்றைப்படை, அடுத்தடுத்தவை.

குழாய் திறந்ததா மூடியதா என்றே சொல்லாமல் கேட்டாலும் இந்த வகுத்தல் வழி காட்டும். அடுத்தடுத்த இரண்டு அதிர்வெண்களின் விகிதத்தைச் சுருக்குங்கள். 3 : 4 போல ஒன்று வித்தியாசத்தில் வந்தால் அது கம்பி அல்லது இரு பக்கமும் திறந்த குழாய். 11 : 13 போல இரண்டு ஒற்றைப்படை எண்கள் வந்தால் மூடிய குழாய். அந்த இரண்டும் அடுத்தடுத்தவை என்று கேள்வி உறுதி சொல்லியிருக்க வேண்டும், அதை மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள்.

மேற்சுரம் என்ற சொல்லில் இன்னொரு கண்ணி இருக்கிறது. மேற்சுரம் என்பது அடிப்படைக்கு மேலே உண்மையில் ஒலிப்பவற்றை வரிசையாக எண்ணுவது. சீரிசை என்பது அடிப்படையின் எத்தனையாவது மடங்கு என்று சொல்வது. கம்பியில் முதல் மேற்சுரம் இரண்டாம் சீரிசை. மூடிய குழாயில் இரண்டாவது இல்லவே இல்லை என்பதால் முதல் மேற்சுரமே மூன்றாம் சீரிசை ஆகிவிடுகிறது. 2014 ஜேஇஇ மெயினில் 85 செ.மீ. மூடிய குழாயில் 1250 Hz-க்குக் கீழே எத்தனை இயல் அதிர்வுகள் என்று கேட்டார்கள், ஒலியின் வேகம் 340 மீ/வி. அடிப்படை 340 / (4 × 0.85) = 100 Hz. பிறகு 300, 500, 700, 900, 1100. மொத்தம் ஆறு. 12 என்று எழுதியவர் இரட்டைகளையும் சேர்த்து எண்ணியவர்.

இனி செய்முறைக்கு வருவோம், ஏனென்றால் மூடிய குழாயைக் கையில் பிடித்துப் பார்க்கிற ஒரே இடம் அதுதான். ஒத்ததிர்வுக் காற்றுத்தம்பக் கருவியில் தண்ணீர் மட்டம்தான் மூடிய முனை. இசைக்கவையை ரப்பர் கட்டையில் தட்டி, கண்ணாடியில் படாமல் வாய்க்கு மேலே கிடைமட்டமாக, புயங்கள் மேலும் கீழும் அதிரும்படி பிடிக்க வேண்டும். தண்ணீரை மேலிருந்து மெல்ல இறக்கிக்கொண்டே வந்தால் ஓரிடத்தில் ஓசை குப்பென்று பெருகும். அங்கே ஒரே மட்டத்தில் நின்றுவிடாமல் கொஞ்சம் தாண்டி இறக்கி, திரும்ப ஏற்றி, இரண்டு தடவையும் வந்த அளவுகளின் சராசரியை எடுங்கள்.

512 Hz கவை, உள்விட்டம் 3.4 செ.மீ. குழாய், அறை வெப்பநிலை 30°C என்று வையுங்கள். முதல் ஒத்ததிர்வு 16.0 செ.மீ.யில், இரண்டாவது 50.1 செ.மீ.யில் வருகிறது. முதல் நீளத்தை மட்டும் கால் அலை என்று எடுத்தால் λ = 64.0 செ.மீ., வேகம் 512 × 0.640 = 327.7 மீ/வி. இது தப்பு என்று உடனே தெரிய வேண்டும், ஏனென்றால் 0°C-யிலேயே காற்றில் ஒலியின் வேகம் 331 மீ/வி. முப்பது டிகிரி அறையில் அதைவிடக் குறைய வழியில்லை.

காரணம், எதிர்க்கணு குழாயின் விளிம்பில் சரியாக உட்காருவதில்லை. கொஞ்சம் வெளியே தள்ளி நிற்கிறது. அதுதான் முனைத்திருத்தம். இரண்டு நீளங்களிலும் அது அதே அளவு இருப்பதால், கழித்தால் போய்விடும்: 50.1 − 16.0 = 34.1 செ.மீ. இது கணுவிலிருந்து அடுத்த கணு வரை உள்ள இரண்டு கால் அலை. λ = 68.2 செ.மீ., வேகம் 512 × 0.682 = 349.2 மீ/வி. வெப்பநிலைக்கான 331 + 0.6 × 30 = 349 மீ/வி என்ற மதிப்போடு ஒட்டி வருகிறது.

முனைத்திருத்தத்தையும் இதே அளவுகளிலிருந்து எடுக்கலாம்: (50.1 − 3 × 16.0) / 2 = 1.05 செ.மீ. ஆரத்தின் 0.6 மடங்கு, அதாவது 0.6 × 1.7 = 1.02 செ.மீ. என்ற வழக்கமான மதிப்பிலிருந்து அதிக தூரமில்லை. நோட்டில் எழுதுவதற்கு முன் செய்யவேண்டிய சோதனையும் இதில் இருக்கிறது. இரண்டாம் நீளம் முதல் நீளத்தின் மூன்று மடங்கைவிடக் கொஞ்சம் அதிகமாக இருக்க வேண்டும். குறைந்துவிட்டால் முனைத்திருத்தம் எதிர்க்குறியில் வரும். எதிர்க்கணு குழாய்க்குள்ளே போய்விட்டது என்று அர்த்தம், அது நடக்காது. கருவி அங்கேயே இருக்கும்போது திரும்பப் பாருங்கள். பெரும்பாலும் இரண்டாவதில்தான் பிழை இருக்கும், ஏனென்றால் அதன் ஓசை மெல்லியது. முதல் நீளத்தை மூன்றால் பெருக்கி, அதற்கு ஐந்தாறு செ.மீ. மேலே தண்ணீரை நிறுத்தி அங்கிருந்து மெதுவாக இறக்கினால் காதுக்குத் தப்பாது.

வாய்மொழித் தேர்வில் புறத்தேர்வர் கேட்கக்கூடிய ஒன்று: "256 Hz கவையை ஏன் எடுக்கலை?" கணக்குப் போட்டுச் சொல்லிவிடலாம். 349-ஐ 256-ஆல் வகுத்தால் λ சுமார் 136 செ.மீ., கால் அலை 34 செ.மீ. முதல் ஒத்ததிர்வு 33-இல் கிடைத்துவிடும். இரண்டாவதுக்கு 101 செ.மீ. காற்று வேண்டும், ஒரு மீட்டர் குழாயில் அதற்கு இடமில்லை. இரண்டாவது இல்லையென்றால் கழிக்க ஒன்றுமில்லை, முனைத்திருத்தம் விடையிலேயே தங்கிவிடும்.