காற்று இல்லாத அன்றைக்கு

"சார், காத்தே இல்லாத அன்னைக்கு இது என்ன செய்யும்?"

உள்ளே தேங்கும் சூட்டை வெளியேற்ற, காற்றில் சுழலும் டர்போ வென்டிலேட்டர்களை எங்கள் ஷெட் கூரையின் முகட்டில் ஏற்றிக்கொண்டிருந்தபோது மூத்த ஆபரேட்டர் ஒருவர் கேட்டார். நான் யோசிக்கக்கூட இல்லை. "அனல் தானா மேல ஏறும்ணே. அதுவே சுத்தி விட்டுடும்" என்றேன். அவர் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். அந்தப் பதிலில் பொய் கிடையாது. அதனால்தான் இன்றும் உறுத்துகிறது.

எங்கள் ஷெட் 40 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம், சராசரி உயரம் 8 மீட்டர். கூரைத் துளையில் உட்காரும் கழுத்து 600 மி.மீ. விட்டம் உள்ள டர்போ 12. முதலில் எழுதிய கோரிக்கையில் இரண்டு எக்ஸாஸ்ட் ஃபேனும் இருந்தன. கரண்ட் செலவே இல்லை என்று காட்டினால் சீக்கிரம் ஒப்புதல் கிடைக்கும் என்று அவற்றைக் கோடு போட்டு அடித்தது நான்தான். காட்டலாகில் போட்டிருந்த கணக்கு, குறிப்பிட்ட வேகத்தில் காற்று வீசும்போது வருவது. வீசாதபோது என்ன வரும் என்ற வரி அதில் இல்லை. நானும் தேடவில்லை.

ஏற்றிய பிறகு நன்றாகவே இருந்தது, பொய் சொல்லக்கூடாது. காற்றடிக்கும் நாளில் தகடுகளில் காற்று மோதிச் சக்கரத்தைச் சுழற்றும். அதைத் தாண்டிப் போகும் காற்றும் சுழற்சியும் சேர்ந்து கழுத்துக்கு மேலே அழுத்தத்தைக் குறைக்கும், உள்ளே தேங்கிய சூடு இழுபட்டு வெளியேறும். முதல் சில மாதங்கள் பெரும்பாலும் அப்படித்தான் போயின.

பிறகு ஒரு மதியம், இலைகூட அசையவில்லை. இளைஞன் ஒருவன் தலை சுற்றி, மெஷினுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டான். தண்ணீர் கொடுத்து வெளியே நிழலுக்குக் கூட்டிப்போனோம், கொஞ்ச நேரத்தில் தேறிவிட்டான். மேலாளர் அண்ணாந்து பார்த்து, "அதான் சுத்துதேப்பா" என்றார். நானும் பார்த்தேன். சோம்பலாகச் சுற்றிக்கொண்டிருந்தது. எனக்கு வந்தது நிம்மதி. அந்த நிம்மதியைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

அன்றைக்கு அந்தச் சக்கரம் காற்றை இழுக்கவில்லை. சூட்டால் மேலேறிய காற்று வெளியே போகிற வழியில் அதைத் தள்ளிக்கொண்டு போனது, அவ்வளவுதான். காற்றடிக்கும் நாளில் சக்கரம் இழுக்கிறது. அடிக்காத நாளில் சக்கரம் தள்ளப்படுகிறது, இருக்கிற கொஞ்சம் விசையிலும் தன் பங்கைத் தின்கிறது. வேலை செய்வது கூரையில் போட்ட துளைதான். கீழிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி சுற்றும்.

மறுநாளும் அதே புழுக்கம். ஏணி போட்டு ஏறி, கழுத்தின் வாயில் காற்றின் வேகத்தை அளக்கும் அனிமோமீட்டரைப் பிடித்தேன். நொடிக்கு 0.3 மீட்டர். கீழே பார்த்தால் மேற்கு ஷட்டர் வெயிலுக்காக இறக்கியிருந்தது, கிழக்கு தூசுக்காக. உள்ளே வர வழியில்லாமல் வெளியே எது போகும்? இரண்டையும் ஒரு மீட்டர் தூக்கச் சொன்னேன். 0.8 காட்டியது. கழுத்தின் பரப்பு 0.28 சதுர மீட்டர், ஆக ஒன்றுக்கு மணிக்கு 800 கன மீட்டர் சொச்சம். பன்னிரண்டும் சேர்ந்து பத்தாயிரத்தைத் தொடவில்லை. ஷெட்டின் கொள்ளளவோ 6,400. மணிக்கு ஒன்றரை முறை காற்று மாறுகிறது.

அவ்வளவு காற்று, உள்ளே 20 கிலோவாட் சூடு கொட்டினால்கூட வெளியைவிட ஆறு டிகிரி சூடேறித்தான் போகும். ஷெட் இன்னும் சூடானால் ஓட்டமும் கூடும் என்று சமாதானம் சொல்லலாம். கூடும்தான், ஆனால் ஓட்டம் இரட்டிப்பாக வெப்ப வித்தியாசம் நான்கு மடங்காக வேண்டும். அதற்குள் ஆள் நிற்க முடியாது. கூரைத் தகடு நேராகத் தலையில் இறக்கும் அனலை இந்தக் காற்று தொடுவதுகூட இல்லை.

அப்படியென்றால் டர்போ போட்டது தப்பா? இல்லை என்றே நினைக்கிறேன். பல நாள் இலவசமாக வேலை செய்கிறது, முகட்டுச் சூட்டை அங்கே தேங்கவிடுவதில்லை. ஃபேன்களை அடித்தது தப்பா? அப்படி அடிக்காவிட்டால் எதுவுமே வந்திருக்காது என்று சில இரவுகளில் சொல்லிக்கொள்கிறேன். அதை நான் யாரிடமும் கேட்டுப் பார்த்ததில்லை என்பதும் அப்போதே ஞாபகம் வரும்.

அந்த ஆபரேட்டர் அண்ணனிடம் அன்றே, "சுத்தும்ணே, ஆனா அன்னைக்கு அதை நம்பாதீங்க, ஷட்டரைத் தூக்கி வைங்க" என்று சொல்லியிருக்கலாம். கேள்வி கேட்ட ஒரே ஆள் அவர். சுற்றுமா என்று அவர் கேட்கவே இல்லை, என்ன செய்யும் என்றுதான் கேட்டார்.

இப்போது ஷிஃப்ட் தொடங்கும்போதே அவர்தான் மேற்கு ஷட்டரைத் தூக்குகிறார். மூன்று மணிக்கு வெயில் நேராக ஐந்தாம் மெஷின் பையன் முகத்தில் விழும், அவன் பாதிக்கு இறக்கிவிடுவான். அவர் மறுபடி தூக்குவார். நடுவில் நான் கடந்து போனால் இரண்டு பேரும் என்னைப் பார்ப்பார்கள். ஃபேனுக்கான புதிய கோரிக்கை என் மேஜையில் இருக்கிறது, முன்பு நான் எழுதிய "கூடுதல் ஏற்பாடு தேவையில்லை" என்ற வரிக்கு என்ன விளக்கம் கொடுப்பது என்று தெரியாமல் பாதியில் நிற்கிறது.