ஒரு விரலால் காட்டிய வலி

வலிகாமத்தின் செம்மண் தோட்டங்களில் வெங்காயம் நட்டுப் பிழைக்கும் பெண் அவர். வயது 36. எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தபோது கையில் இருந்த பையில் மூன்று வயிற்று ஸ்கான் அறிக்கைகள், ஒரு எண்டோஸ்கோபி அறிக்கை, மூலைகள் மடிந்த கிளினிக் கொப்பி ஆகியவை இருந்தன. அந்தக் கொப்பியில் என் கையெழுத்தும் இருந்தது. இரண்டு மாதங்களுக்கு முன் நான் இரைப்பை அழற்சி என்று எழுதி, மாத்திரை கொடுத்து அனுப்பியிருந்தேன்.

“எங்கே வலிக்கிறது, அம்மா?” என்று அன்று மறுபடியும் கேட்டேன். தொப்புளுக்கு வலப்பக்கம், இரண்டு விரற்கடை கீழே, ஆட்காட்டி விரலின் நுனியை வைத்தார். “இந்த இடம்தான், டொக்டர். வேறெங்கும் இல்லை.” ஒன்றரை வருடமாக அதே புள்ளி.

இரைப்பையோ குடலோ நோகும்போது மனிதர்கள் பெரும்பாலும் உள்ளங்கையை விரித்து வயிற்றைத் தடவிக் காட்டுவார்கள். உள்ளுறுப்புகளின் வலிக்குத் தெளிவான எல்லை கிடையாது. விரல்நுனியால் காட்டக்கூடிய வலி என்றால் வயிற்றுச் சுவரைப் பார்க்க வேண்டும். முதல் தடவை அந்த விரலைப் பார்த்தும் நான் அறிக்கைகளையே வாசித்துக்கொண்டிருந்தேன்.

பிறகு கேட்டவை எல்லாம் பொருந்தி வந்தன. சாப்பாட்டுக்கும் வலிக்கும் தொடர்பில்லை. மலம் ஒழுங்காகப் போகிறது, எடை குறையவில்லை, காய்ச்சல் இல்லை. குனிந்து நட்டுவிட்டு நிமிரும்போதும், இருமும்போதும், அந்தப் பக்கம் சரிந்து படுக்கும்போதும்தான் வலி குத்துகிறது.

அவரைப் படுக்க வைத்து, அவர் காட்டிய புள்ளியை என் விரலால் அழுத்தினேன். விரலை எடுக்காமல், கைகளை மார்பில் கட்டிக்கொண்டு தலையையும் தோள்களையும் உயர்த்தச் சொன்னேன். அப்போது வயிற்றுத் தசை இறுகி உள்ளுறுப்புகளுக்குக் கவசமாகிவிடும். நோய் உள்ளே இருந்தால் அழுத்தும் வலி குறையும். சுவரில் இருந்தால் அப்படியே நிற்கும், அல்லது கூடும். அவர் முகம் சுளித்து என் கையைப் பிடித்துக்கொண்டார். அமெரிக்க அறுவை மருத்துவர் கார்னெட் 1926ஆம் ஆண்டிலேயே விவரித்த சோதனை இது. அரை நிமிடம்கூட ஆகாது, செலவும் இல்லை.

அடுத்து அந்த இடத்துத் தோலை மெல்லக் கிள்ளிப் பார்த்தேன். மறுபக்கத்தைவிடக் கடுமையாக வலித்தது. ஸ்பிரிட் பஞ்சால் தொட்டபோது அங்கு மட்டும் குளிர் மந்தமாகத் தெரிகிறது என்றார்.

விலா எலும்புகளுக்கு இடையிலிருந்து வரும் நரம்புகள் வயிற்றின் நடுவே செங்குத்தாக ஓடும் தசையை அடைந்ததும், ஏறக்குறைய செங்கோணத்தில் திரும்பி, நார்த்திசு வளையம் ஒன்றின் வழியே தோலை நோக்கி முன்னே வருகின்றன. அந்தத் திருப்பத்தில் நரம்புக்கு நகர இடம் குறைவு. அங்கே அது நெருக்கப்பட்டால், தசை இறுகும் ஒவ்வொரு தடவையும் வலி. ஸ்கானில் இது தெரியாது. ஸ்கான் சரியாக இருப்பதால் நோயே இல்லை என்று ஆகிவிடாது.

கார்னெட்டின் சோதனையை மட்டும் நம்பியும் விட முடியாது. வயிற்று உள்ளுறையே அழற்சியுற்று வயிறு பலகைபோல் இறுகியிருக்கும் அவசர நோயாளியிடம் தசையை இறுக்கினாலும் வலி கூடலாம். சுவரில் குடலிறக்கம் இருந்தாலும் அப்படியே. அதனால் நிற்க வைத்து, இருமச் சொல்லிப் பார்த்தேன். எதுவும் புடைக்கவில்லை. அக்கி எழுந்த தடமும் இல்லை.

மருந்து ஒவ்வாமை இல்லை என்று உறுதிசெய்த பின், ஒரு சதவீத லிக்னோகெயின் என்ற மரப்பு மருந்தை 5 மில்லிலீற்றர் எடுத்து, வலியின் உச்சப் புள்ளியில், தசையை மூடிய உறைக்குக் கீழே செலுத்தினேன். பதினைந்து நிமிடங்களில் எழுந்து உட்காரச் சொன்னேன். கைகளை ஊன்றாமல் எழுந்தார். மறுபடி படுத்தார், மறுபடி எழுந்தார். தாதி அருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நரம்பு நெருக்கப்பட்டதுதான் நோய் என்பதையும் அந்த ஊசியே உறுதிப்படுத்திவிட்டது.

சில நாட்களில் வலி திரும்பியது. பலருக்கு அப்படித்தான். ஸ்டீரொய்ட் சேர்த்து இன்னும் இரண்டு தடவை ஊசி போட்டோம். மூன்றாவது ஊசிக்குப் பின் நான்கு மாதங்களாக வலி இல்லை. ஊசிகளுக்கு அடங்காதவர்களுக்கு அந்த நரம்புக் கிளையை அறுத்து எடுக்கும் சத்திரசிகிச்சை இருக்கிறது, அதுவும் எல்லோருக்கும் பலன் தருவதில்லை.

கடைசியாக வந்த நாளில் அவர் வயிற்றின் வலக்கீழ்ப் பக்கத்திலிருந்த தழும்பைக் காட்டினார். ஒரு வருடத்துக்கு முன், வேறோர் ஆஸ்பத்திரியில், இதே வலிக்காகக் குடல்வாலை எடுத்திருந்தார்கள். ஆய்வுகூட அறிக்கையில் அழற்சி இல்லை என்று இருந்தது.

“அப்படியென்றால் இதை ஏன் வெட்டினார்கள், டொக்டர்?”

வெட்டியவர்கள் உங்கள் வலியை நம்பினார்கள், இடத்தைத்தான் தவறாக நினைத்துவிட்டார்கள் என்றேன். நானும் இரண்டு மாதம் அப்படித்தான் நினைத்தேன் என்றும் சொன்னேன். அவர் கொப்பியை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டார்.